பிரின்சி சிரிக்க வைக்கப் பார்க்கிறாள்

ஏசி காற்று நேராக என் பிடரியில் விழுகிறது, தள்ளி உட்காரலாமென்றால் நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்து இரும்புப் பட்டையில் முடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒருத்தி அசைந்தால் வரிசையே அசைகிறது, அதனால் நான் அசையாமல் இருக்கிறேன், பக்கத்தில் பிரின்சி காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள், அவள் ஆட்டம் இரும்பு வழியாக வந்து என் முதுகெலும்பில் ஏறுகிறது. காலையில் கேட்கும் தேர்வும் வாசிக்கும் தேர்வும் எழுதும் தேர்வும் முடிந்துவிட்டன, மீதி இருப்பது பேசும் தேர்வு மட்டும், வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போக ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் இங்கிலீஷில் பேசிவிட்டு வேறு வழியாக வெளியே போய்விட வேண்டும், உள்ளே என்ன கேட்டார்கள் என்று வெளியே இருப்பவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அந்த வேறு வழி. போனவர்கள் திரும்பி வருவதில்லை. கதவு திறக்கிறது, ஒரு பெயர், ஒருத்தி எழுந்து போகிறாள், கதவு மூடுகிறது, அவ்வளவுதான், அவள் இருந்த நாற்காலி கொஞ்ச நேரம் அவள் சூட்டோடு கிடக்கிறது. இப்படி நினைக்காதே விஜிலா, இது வார்டு இல்லை, யாரும் எங்கும் போய்விடவில்லை, கீழே பஸ் ஸ்டாப்பில்தான் நிற்பார்கள். "எடி விஜி," பிரின்சி என் காதோரம் சாய்கிறாள், "அங்க பாரு, அந்த சூப்பர்வைசருக்க டையப் பாரு, அவரு பொண்டாட்டிக்க சேலைய வெட்டித் தச்ச மாதிரி இருக்கு." நான் சிரித்தேன். சிரித்தேன் என்றால் உதட்டை இழுத்தேன், வாய் காய்ந்து உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது, அதை நாக்கால் விலக்க வேண்டியிருந்தது.

பேசத் தெரியாதவள் இல்லை நான். இங்கிலீஷ் வராதவளும் இல்லை. பேசும் தேர்வில் இரண்டு அட்டை தருவார்கள், அதில் எழுதியிருக்கிற நிலைமையை எதிரில் இருப்பவரோடு நடித்துப் பேச வேண்டும், போன தடவை முதல் அட்டைக்கு நன்றாகத்தான் பேசினேன், சர்க்கரை நோயாளி, இன்சுலின் எப்படிப் போட்டுக்கொள்வது, கடகடவென்று சொன்னேன். இரண்டாவது அட்டையில் நோயாளி இல்லை, நோயாளியின் மகள். தகப்பனின் நிலைமை மோசமாகிவிட்டது என்று நீங்கள் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அட்டையில் இருந்தது, எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் நடிப்புக்காக முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, என் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார், அவ்வளவுதான், என் தொண்டையில் யாரோ உள்ளே இருந்து ஒரு கையை வைத்தார்கள். வார்த்தை தெரியும். வார்த்தை எல்லாம் வரிசையாக நாக்குக்குப் பின்னால் நிற்கிறது. கை எடுக்கப்படவில்லை. அந்தக் கை யாருடையது என்றும் எனக்குத் தெரியும். போன தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால், நான் வேலை பார்க்கிற ஐசியூவில் ஜன்னலோரக் கட்டில், மாசிலாமணி, கனத்த மனிதர், புரட்டிப் படுக்க வைக்க மூன்று பேர் வேண்டும், அன்றைக்கு விடிந்த கையோடு போய்விட்டார். டாக்டர் அடுத்த கட்டிலில் வேறொருத்தருக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார், நான் வந்து சொல்கிறேன், அதுவரை யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்றார். அது சரிதான், அதுதான் முறை, சாவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நர்ஸ் சொல்லக் கூடாது. நான் திரையை இழுத்துவிட்டுத் திரும்பினேன், மகள் வந்து நின்றாள். கடுகு நிறத் துப்பட்டா, கையில் தூக்கு டிபன். "சிஸ்டர், அப்பா முழிச்சிட்டாரா? இடியாப்பம் கொண்டாந்திருக்கேன். தேங்காப்பால் தனியா இருக்கு, நீங்க ஊத்திக் கொடுங்க, அவரே ஊத்தினா மேல கொட்டிக்குவாரு." நான் வாயைத் திறந்து மூடினேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், சர்க்கரை குறைவாகப் போட்டேன், நேற்று ராத்திரி தூங்கினாரா, அந்தக் குழாயை எப்போது எடுப்பார்கள், பேசப் பேச அவள் கண் மட்டும் என் முகத்தில் எதையோ வாசித்துக்கொண்டு போனது, வாய் நிற்கவில்லை, கண் நின்றுவிட்டது. நான் தப்பு எதுவும் செய்யவில்லை. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், அதனால்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. தப்பு என்றால் மன்னிப்பு கேட்டு முடித்துவிடலாம். இது தப்பு இல்லை, அதனால் முடியவும் இல்லை.

"என்னடி, ஆளு இங்க இருக்கா இல்ல ஃப்ளைட்டு ஏறியாச்சா?" பிரின்சி முழங்கையால் இடிக்கிறாள். நானும் அவளும் ஒரே ஊர்ப் பக்கம், மார்த்தாண்டத்துக்கு அந்தாண்டை அவள், இந்தாண்டை நான், நாகர்கோவிலில் ஒரே நர்சிங் காலேஜ், சென்னையில் ஒரே ஆஸ்பத்திரி, ஹாஸ்டலில் ஒரே அறை. அவள் வார்டு வேறு. மாசிலாமணியை அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது எல்லாம் போன தடவை விஜி பேசும் தேர்வில் தோற்றுவிட்டாள், பயந்துவிட்டாள், பயந்தவளைச் சிரிக்க வைக்க வேண்டும். அதில் அவளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, எனக்கும்தான் இருந்தது. காலேஜில் கடைசி வருஷம், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஒரு கிழவி, யாரையும் அழ வைக்காமல் விட மாட்டாள் என்று பெயர், நான் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிரின்சி வந்து, "எடி, அந்தம்மா செருப்பு மாத்திப் போட்டிருக்கு, ஒண்ணு கறுப்பு ஒண்ணு பிரவுனு, நான் எனக்க கண்ணால கண்டேன்," என்றாள். நான் உள்ளே போய் முதலில் பார்த்தது மேஜைக்குக் கீழே. நிஜமாகவே ஒன்று கறுப்பு, ஒன்று பிரவுன். அதற்குப் பிறகு எனக்கு எல்லாப் பதிலும் வந்தது. ஏன் வந்தது? இப்போது யோசிக்கிறேன், அன்றைக்குப் பயம் வெளியே இருந்தது. அது ஒரு கிழவி. கிழவியைச் சின்னதாக்க ஒரு செருப்பு போதும். இன்றைக்குப் பயம் சூப்பர்வைசர் இல்லை, அவர் டை இல்லை, உள்ளே உட்கார்ந்திருக்கப் போகிற அம்மாளும் இல்லை. பிரின்சி வாசலில் நின்று கல் எறிகிறாள், திருடன் வீட்டுக்குள்ளே இருக்கிறான்.

இன்னொரு பெயர் கூப்பிட்டார்கள். கோட்டயத்துப் பெண் போல இருக்கிறது, போகும்போது சிலுவை போட்டுக்கொண்டு போனாள். "அவ போன போக்கப் பாத்தா ஆபரேஷனுக்குப் போற மாதிரியில்லா இருக்கு," என்றாள் பிரின்சி. நான் சிரித்தேன். "போன தடவை நீ உள்ள போய் மௌன விரதம் இருந்தியே, இந்தத் தடவை குறைஞ்சது ஒரு பாட்டாவது பாடிட்டு வா, ரெக்கார்டுல ஏதாவது இருக்கட்டும்." நான் சிரித்தேன். இப்படிச் சிரிப்பது எவ்வளவு வேலை என்று இவளுக்குத் தெரியுமா, ஒவ்வொரு சிரிப்புக்கும் மூச்சில் ஒரு பங்கு போகிறது, எனக்கு ஏற்கெனவே மூச்சு மேலேயே நிற்கிறது, நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. சிரிக்காமல் இருந்துவிடலாம். இருந்தால் இவள் முகம் ஒரு மாதிரி ஆகும், ஐயோ நான் ஏதோ சொல்லிவிட்டேனா என்று பார்ப்பாள், அப்புறம் அவளை நான் சமாதானம் பண்ண வேண்டும், பயந்து கிடக்கிறவளே பக்கத்தில் இருக்கிறவளையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதைவிடச் சிரித்துவிடுவது லேசு. என் சிரிப்பு சரியாக விழவில்லை என்று அவளுக்கும் புரிகிறது போல, அதனால் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறாள், மருந்து கேட்கவில்லையென்றால் டோஸைக் கூட்டுகிற மாதிரி. எதிர் வரிசையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். இப்போது அவளுக்கும் தெரியும், போன தடவை தோற்றவள் இவள்தான் என்று. என் காது சூடாகிறது, கை மட்டும் பனிக்கட்டி. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். விரல் நுனி மரத்துப் போகிறது. எனக்குத் தெரியும் இது என்ன என்று, மூச்சை மேலாக வேகமாக விடுகிறேன், கரியமில வாயு குறைகிறது, விரலும் உதடும் மரக்கும், நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், மெல்ல விடுங்கள், உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். எனக்கு நானே சொன்னால் கேட்கவில்லை. மூலையில் ஒரு அம்மா, யாரோ ஒருத்தியின் அம்மாவாக இருக்க வேண்டும், எப்படி மாடி வரை விட்டார்களோ, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று பையிலிருந்து எவர்சில்வர் டிபனை எடுக்கிறாள். மூடி திறக்கிற அந்தச் சத்தம் கண்ணாடி வழியாக எனக்குக் கேட்டிருக்க முடியாது. கேட்டது.

"அய்ய, இது என்னடி, மூஞ்சியெல்லாம் வெளிறிப் போய் இருக்கு," பிரின்சி என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள், "சவமே, உள்ள போறதுக்கு முன்னாலயே செத்துட்டியா? திரையை இழுத்து விட்டிரட்டா?" எங்கள் ஊரில் சவமே என்பது ஒன்றுமே இல்லை. அம்மா தினமும் சொல்வாள், எந்திரி சவமே, பல்லு தேய் சவமே, அண்ணன் சொல்வான், பிரின்சி ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாள் என்று கணக்கே கிடையாது, அதில் கோபம்கூட இல்லை, கொஞ்சல்தான், அந்த வார்த்தைக்குள்ளே ஒரு பிணம் கிடக்கிறது என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது எழுந்து உட்கார்ந்தது. திரையின் பச்சை நிறம். வளையம் கம்பியில் உரசுகிற ஒலி. நான் இழுத்துவிட்ட திரை, அதற்கு இந்தப் பக்கம் கடுகு நிறம். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது, தாடையைத் துணியால் கட்ட வேண்டும், இன்னும் கட்டவில்லை, பிரின்சியின் விரல் என் தாடையில். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். வரிசை முழுக்க ஆடியது. எழுந்து நடந்தேன், டை கட்டினவர், "எங்க மேடம்," என்றார், பாத்ரூம் என்று சொல்ல வேண்டும், வார்த்தை வரவில்லை, கையைக் காட்டினேன், அவர் தலையாட்டினார்.

வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குள் நிற்கிறேன். கண்ணாடியில் பார்க்கவில்லை. இப்போதே வார்த்தை வரவில்லை, உள்ளே எப்படி வரும், வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வது, மூன்றாவது தடவை எழுத எனக்குத் தெம்பு இல்லை, எழுதினாலும் அந்த மகள் எல்லா அட்டையிலும் வந்து நிற்பாள், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, தேங்காப்பால் தனியா இருக்கு சிஸ்டர். கதவு திறந்தது. பிரின்சி. அவள் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருக்கிறது, வாயைத் திறக்கிறாள், "எடி, பாத்ரூம்ல உக்காந்து பரீட்சை எழுதலாம்னு..." என்று ஆரம்பித்தவள் என் கையைப் பார்த்தாள். விரல்கள் மடங்கி, கட்டை விரல் உள்ளே போய், பறவைக் கால் மாதிரி. நர்ஸ் இல்லையா, அவளுக்கு அதைப் பார்த்தால் தெரியும். பாதி வாக்கியம் அவள் வாயிலேயே நின்றது. அப்புறம் எல்லோரும் சொல்வதைச் சொன்னாள், "ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் ஆகாது, நீ நல்லாப் பேசுவே." அதுவும் உதவவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொன்னால் ஆனதை எங்கே கொண்டுபோய் வைப்பது. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவள் எட்டித் தண்ணீரை மூடினாள். அவள் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து என் பிடரியில் வைத்தாள், ஏசி காற்று விழுந்த அதே இடம், ஆனால் இது வேறு குளிர்ச்சி, யாரோ வைத்த குளிர்ச்சி.

"பேடியா இருக்கா?" என்றாள், எங்கள் ஊரில் பயத்துக்குப் பேடி என்போம். சின்னக் குரல். கேலி பண்ணும்போது அவளுக்கு வேறு குரல், மேலே போகிற குரல், இது கீழே இருந்தது, இந்தக் குரலை நோயாளிகளிடம் பேசும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன். "ம்." "செரி. இருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னாள். இருக்கட்டும். போகச் சொல்லவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை. என் மடங்கின விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தாமல், மொத்தமாகத் தன் இரண்டு கைக்குள்ளே பொதிந்து வைத்துக்கொண்டாள், சூடாக இருந்தது. "எனக்க கூட மூச்சு விடு. மெள்ள. ஊதுற மாதிரி விடு, கஞ்சி ஆத்துற மாதிரி." அவள் விட்டாள், நான் விட்டேன், என்னுடையது பாதியில் அறுந்தது, அவள் அடுத்ததை விட்டாள். எத்தனை தடவை என்று தெரியவில்லை. விரல்களுக்குள் எறும்பு ஊர்ந்தது, அப்புறம் ரத்தம் வந்தது. "நான் ஏதோ சொன்னது உனக்கு உள்ள போய்த் தச்சிருக்கு," என்றாள், "என்னன்னு எனக்குத் தெரியல்ல. இப்ப சொல்லண்டாம். அப்புறமா சொன்னாச் சொல்லு, இல்லாட்டி வேண்டாம்." நான் அழுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. "பிரின்சி, தொண்டை அடைச்சிரும்," என்றேன். வந்தது, குரல் வந்தது, சுரண்டின மாதிரி. "அடைக்கட்டும். எப்ப அடைக்கும்?" "மகளோ மகனோ வந்தா. கெட்ட செய்தி சொல்லணும்னா." அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், பிரச்சினையை ஒரு காயம் மாதிரிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "கெட்ட செய்தி சொல்லுறப்ப நாம வார்டுல கடகடன்னு சொல்லுவோமா? நிறுத்தி நிறுத்தித்தான சொல்லுவோம். நீ பேசாம நின்னா அவங்க நீ அந்தாளுக்கு நேரம் குடுக்கியன்னு நினைப்பாங்க. அடைச்சா அடைச்சபடியே நில்லு, சண்ட போடாத. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் கையில வச்சுக்க. மிச்சத்த அப்புறம் பாக்கலாம்." "எது?" "நீயே சொல்லு. உனக்க வாய்க்கு எது லேசா வரும்?" எனக்குத் தோன்றியது, உட்காருங்கள். ப்ளீஸ் சிட் டவுன். சின்னக் குழந்தைகூடச் சொல்லும். "அது போதும்," என்றாள், "அத மட்டும் சொல்லிட்டு வந்திரு. மிச்சத்துக்கு ஃபெயில் ஆக்குனா ஆக்கட்டும்."

திரும்பி வந்து உட்கார்ந்தோம். அவள் காலை ஆட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என் மூச்சு எங்கே நிற்கிறது என்று ஓரக் கண்ணால் பார்த்துவிட்டு, மெதுவாக, "அவருக்க டை நிஜமாவே சேலத் துணிதான்டி, ஓரத்துல ஃபால்ஸ் தச்சிருக்கு பாரு," என்றாள், நான் பார்த்தேன், எனக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது, நான் இழுக்காமல் தானாக வந்தது. அதே டைதான். முன்னால் சொன்னதும் அதுதான். முன்னால் நான் தண்ணீருக்குள் இருந்தேன், இவள் கரையில் நின்று கேலியை எறிந்தாள். யோசித்து முடிப்பதற்குள் கதவு திறந்தது, இரண்டு பெயர், எனக்கு ஒரு அறை, அவளுக்குப் பக்கத்து அறை. இருவரும் ஒன்றாக எழுந்தோம். நீளமான நடை, தரையில் புதுப் பாலிஷ் வாசனை, ஆஸ்பத்திரி வாசனை இல்லை, அதற்கு ஸ்தோத்திரம். பாதி வழியில் பிரின்சி பேச்சை நிறுத்தியதைக் கவனித்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக. இவளுக்கும் தேர்வு. எப்படி மறந்தேன், காலையிலிருந்து இவளுக்கும் தேர்வு என்று எனக்குத் தோன்றவே இல்லை, இத்தனை கேலியும் எனக்காக மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இருட்டில் போகிறவள் தன் சத்தம் தனக்குக் கேட்கட்டும் என்று பாடுவாளே, அந்தப் பாட்டுக்குள் என்னையும் இழுத்துப் போட்டிருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்தேன், எனக்குச் செய்ததைச் செய்யலாம் என்று. அவள் வெடுக்கென்று உருவிக்கொண்டாள். "தொடாதடி. இப்ப தொட்டா நான் அழுதிருவேன். பாவமா எல்லாம் பாக்காத. ஏதாவது சொல்லு, என்னையத் திட்டு." எனக்குக் கேலி வராது. பிறந்ததிலிருந்து வராது. டை கட்டினவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "உனக்க பல்லுல லிப்ஸ்டிக் இருக்கு," என்றேன். அவள் பதறி நாக்கால் தேய்த்தாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு அவள் லிப்ஸ்டிக்கே போடவில்லை. "எடி கள்ளி," என்றாள், அவள் தோள் இறங்கியது, கண்ணில் அந்த வெளிச்சம் திரும்பி வந்தது, அப்படியே உள்ளே போய்விட்டாள்.

என் அறையில் ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மாள். மேஜை, இரண்டு நாற்காலி, பதிவு செய்கிற சின்னக் கருவியில் சிவப்புப் புள்ளி. முதல் அட்டை: நாளைக்கு ஆபரேஷன் ஆகப் போகிற ஒருவர், பயப்படுகிறார், நீங்கள் தைரியம் சொல்ல வேண்டும். வாசிக்கக் கொடுத்த நேரத்தில் நான் வாசிக்கவில்லை, விரல்களைப் பார்த்தேன், நேராக இருந்தன. அந்த அம்மாள் நடிக்க ஆரம்பித்தார், மயக்க மருந்து கொடுத்தால் நான் எழுந்திருக்காமலே போய்விட்டால் உங்களுக்கு ஒரு கட்டில் மிச்சம், இல்லையா சிஸ்டர், என்று சொல்லிச் சிரித்தார், அது அவருக்குக் கொடுத்த தாளில் எழுதியிருக்கும் போல. பழைய விஜிலாவாக இருந்தால் கூடச் சிரித்திருப்பேன், அல்லது ஒன்றும் ஆகாது கவலைப்படாதீர்கள் என்று சொல்லியிருப்பேன், பயிற்சிப் புத்தகத்தில் அப்படித்தான். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை அவர் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு, பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தும்மல் வந்து நின்ற மாதிரி ஒரு நொடி பார்த்தார். ஆமாம் என்றார். இருக்கும், என்றேன், எதை நினைத்தால் அதிகமாக இருக்கிறது, எழுந்திருப்பதையா, வலியையா, வீட்டில் இருப்பவர்களையா. அவர் தாளைப் பார்த்துவிட்டு, வலி என்றார். அப்புறம் வலியைப் பற்றி மட்டும் பேசினேன், எப்போது மாத்திரை, எப்போது ஊசி, மணியை எங்கே வைப்போம், அழுத்தினால் யார் வருவார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாமல், பயப்படுகிற அந்த ஒன்றுக்குச் சொன்னேன்.

இரண்டாவது அட்டையைத் திருப்பும்போதே தெரிந்துவிட்டது. மகள். தகப்பனுக்கு ராத்திரி நிலைமை மோசமாகிவிட்டது, வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். சாகவில்லை, அட்டையில் சாகவில்லை, மாசிலாமணிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, இருந்தாலும் அவர் வந்தார், வாய் லேசாகத் திறந்தபடி, அவருக்கு இந்தப் பக்கம் அவள் வந்தாள். சிவப்புப் புள்ளி. "என் அப்பா எப்படி இருக்கிறார்?" கை வந்து தொண்டையில் உட்கார்ந்தது. வரட்டும். அடைத்தது. அடைக்கட்டும். சண்டை போடவில்லை, நான் போட்ட சண்டைதான் போன தடவை எல்லா மூச்சையும் தின்றது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, அந்த அம்மாளின் கண் என்னை அவசரப்படுத்தவில்லை, அல்லது அப்படி எனக்குத் தோன்றுகிறது. ஊதினேன், வெளியே தெரியாமல். "ப்ளீஸ் சிட் டவுன்," என்றேன். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறார். பாவம், என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியில் கொஞ்சம் அசைந்து, மறுபடி ஒரு தடவை உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். அந்த அசைவைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, அன்றைக்கு மாசிலாமணியின் மகளை நான் உட்காரச் சொல்லவே இல்லை. சாவைச் சொல்லக் கூடாது, சரி. உட்காருங்கள் என்று சொல்லலாமே, டாக்டர் இப்போது வருவார், அதுவரை நான் உங்களோடு இருக்கிறேன் என்று சொல்லலாமே, டிபனைக் கையிலிருந்து வாங்கி வைக்கலாமே, அதை எந்த முறையும் தடுக்கவில்லை. எனக்கு அப்போது தெரியவில்லை, இருபத்தெட்டு வயதில் ஐசியூ நடுவில் தனியாக நின்றால் யாருக்கும் தெரியாது. வார்த்தை வந்தது. ஒவ்வொன்றாக, நடுவில் இடைவெளி விட்டு. நல்ல செய்தி இல்லை. ராத்திரி அவருக்கு மூச்சு சிரமமாகிவிட்டது. இப்போது மிஷின் உதவி செய்கிறது. டாக்டர் வந்து உங்களிடம் பேசுவார். அதுவரை நான் இங்கேயே இருக்கிறேன். ஒரு இடத்தில் இலக்கணம் உடைந்தது, உடையட்டும். அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நன்றி என்றார், அது தாளில் இருந்ததா என்று தெரியவில்லை.

வேறு வழி என்பது ஒரு இரும்புப் படிக்கட்டு. கீழே வெயில் முகத்தில் அடித்தது. பிரின்சி எனக்கு முன்னாலேயே வந்து டீக்கடை நிழலில் நின்றுகொண்டு, கண்ணாடி டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். "நான் அந்தாளுக்கு மாத்திரைய வாயில போடச் சொல்றதுக்குப் பதிலா காதுல போடச் சொல்லிட்டேன்டி. நிஜமா. அவரும் தலையாட்டிட்டாரு." பொய்யாக இருக்கலாம். நான் சிரித்தேன், டீ கொதிக்கிற சத்தத்தைவிடப் பெரிதாகச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு எங்கேயோ திரும்பிவிட்டது, கன்னம் நனைந்தது. அவள் உதடு அடுத்த கேலிக்காக ஒரு பக்கமாக ஏறியதைப் பார்த்தேன். ஏறிய உதட்டை அப்படியே இறக்கினாள். "பாஸாவோமா?" என்றேன். "தெரியல்ல," என்றாள், "சில வாரம் ஆகும்." இன்னொரு டீ சொன்னாள். பஸ் ஒன்று வந்து நின்றது, நாங்கள் ஏற வேண்டிய பஸ்தான், ஏறவில்லை. "ஐசியூல ஒருத்தர் இருந்தாரு," என்றேன். வெயிலில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "மாசிலாமணின்னு பேரு." பிரின்சி டம்ளரைப் பலகையில் வைத்தாள். "ம்," என்றாள். "அவருக்கு ஒரு மகள்." "ம்." அவள் என் பக்கம் நன்றாகத் திரும்பி நின்றுகொண்டாள், நான் தொண்டையில் கை விழுகிறதா என்று ஒரு கணம் காத்திருந்து பார்த்தேன், விழுந்தது, விழுந்தபடியே இருந்தது, நான் அதோடேயே சொல்லிக்கொண்டு போனேன்.